பாஷா கொடுத்த கவர்மெண்டு லீவு

தொம்மென்று ஒரு சத்தம். அதோடு தண்ணீர் சிதறும் ஓசை. அடுத்த நொடியே பத்துப் பன்னிரண்டு பெண்களின் கூச்சல்.

கூடு பொறுக்கும் அறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கறை பிடித்த பட்டுக்கூடுகளைத் தனியே தள்ளிக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் மடியில் கிடந்ததை அப்படியே உதறிவிட்டு ஓடினாள். நூல் எடுக்கும் கூடத்தில் ஆவி பனிமூட்டமாய் நின்றது. கொதிநீர்த் தொட்டிகளின் வரிசையில் நாலாவது தொட்டியின் கீழே செல்லி சுருண்டு கிடந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் சிவந்து போயிருந்தது. விழும்போது தொட்டிக்குள் கை போயிருக்கிறது. அதைவிடக் கொடுமை, அவள் பாவாடையின் பின்புறம் நனைந்திருந்தது தண்ணீரால் அல்ல.

"ஐயோ, எம் பொண்ணே!" என்று தீர்த்தம்மாள் தன் தோள்துண்டை உருவி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "ஏம்மே, வாயப் பாத்துக்கினு நிக்கறீங்க? ஆம்பளைங்கள வெளிய போவச் சொல்லுங்க! ஹசீனா, பச்சத்தண்ணி கொண்டா!"

செல்லிக்குப் பதினெட்டு வயது. கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, ஆப்சென்ட் போட்ருவாங்களா?" என்பதுதான். அதைக் கேட்டதும் தீர்த்தம்மாளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

பொம்மிடி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, முசுக்கொட்டைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது அந்தப் பட்டுக் கம்பெனி. முன்பக்கம் நூல் எடுக்கும் கூடம். பின்பக்கம் ஓடு வேய்ந்த நீளமான புழுக் கொட்டகை. அதன் முதலாளி அன்வர் பாஷா உயிரோடு இருந்தவரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாதாமாதம் தூரமாகும் பெண்ணுக்கு இரண்டு நாள் லீவு. சம்பளத்தோடு. அதற்குப் பெயர் கவர்மெண்டு லீவு. பாஷா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் மனைவி அஸ்கரி பேகத்தின் தம்பி தாவூது நிர்வாகத்துக்கு வந்தார். போன மாதம் ஒரு காலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து, இனி அந்த லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

செல்லியை டவுன் டாக்டரிடம் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, ஈரச் சேலையோடு நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள் தீர்த்தம்மாள்.

"சின்ன முதலாளி, நல்லா இருக்குதுங்களா இது? கவர்மெண்டு குடுத்த லீவை நிறுத்தறதுக்கு நீங்க யாருங்க?"

தாவூது கெட்டவர் இல்லை. செல்லிக்கு வைத்தியச் செலவு கம்பெனியுடையது என்று அப்போதுதான் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி முடித்திருந்தார். ஆனாலும் அந்தக் கேள்வியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த கவர்மெண்டும்மா குடுத்துச்சு? எங்க மச்சான் குடுத்தாரு. சட்டத்துல அப்படி ஒரு லீவே இல்ல. இருந்தா நீங்களே கொண்டாந்து காட்டுங்க, நாளைக்கே தரேன்."

தீர்த்தம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்தபடி வெளியே வந்தாள். இத்தனை வருஷமும் அவர்கள் நம்பியது பொய்யா?

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னவரின் மனசில் கள்ளம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் தீர்த்தம்மாளின் கதையையே சொல்ல வேண்டும்.

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். லாரி கிளீனர் சென்னப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். தொப்பூர்க் கணவாயில் ஒரு மழைநாளில் லாரி உருண்டது. அவளுடைய தாலியும் அதோடு உருண்டது. பிள்ளையில்லை. மாமியார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பொம்மிடியில் பட்டுக் கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தவளை, முதலில் புழுக் கொட்டகையில் போட்டார் பாஷா.

பட்டுப்புழு லேசுப்பட்ட ஜீவன் இல்லை. இலை ஈரமாக இருந்தால் ஆகாது, காற்று கெட்டால் ஆகாது. புழு வளர்க்கிற ஊர்களில் இன்னொன்றும் சொல்வார்கள். தூரமான பெண்ணின் நிழல்கூடப் புழுமேல் படக்கூடாது. ஆகையால் அந்த நாட்களில் பெண்கள் கொட்டகைக்கு வரக்கூடாது என்பது கட்டுப்பாடு. வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. தீர்த்தம்மாள் ஒரு மாதம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் புழுக்கள் ஒவ்வொன்றாய் உடம்பு ஊதி, வெளுத்து, பால்போல் நீர் கசிந்து செத்தன. கூடு கட்ட இரண்டே நாள் இருந்தபோது தட்டுத் தட்டாய் அள்ளிக் குழியில் கொட்டினார்கள். யாரோ ஒருத்தி தீர்த்தம்மாளின் துணி காயும் கொடியைப் பார்த்திருந்தாள். அவ்வளவுதான்! "புழுவைத் தின்னவ" என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. தண்ணீர்ப் பானை அருகே போனால் அதை மூடிவிட்டு விலகுவார்கள். அவர்கள் மட்டும் என்ன, அவளே தன்னை நம்பவில்லை. புருஷனைத் தின்றோம், புழுவையும் தின்றோமா என்று குழியருகே உட்கார்ந்து மாரடித்து அழுதாள்.

அன்வர் பாஷா அவளைத் துரத்தவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பயந்துகொண்டு மறைப்பதால்தானே நஷ்டம்? கூலியும் கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னால் எவள் மறைக்கப்போகிறாள்? கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அதைப் பெண்களிடம் எந்த வாயால் சொல்வது? ஐந்து வேளை தொழுகிற மனுஷர், பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிறவர். கூடத்து வாசலில் நின்று, கூரையைப் பார்த்தபடி, "கவர்மெண்டுல ஒரு லீவு வந்திருக்குது. மாசம் ரெண்டு நாள். யாருக்கு எப்போ தேவைன்னு ஹசீனாகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். கொட்டகைக்கு மட்டும் என்று பிரித்துச் சொல்லவும் வாய் வராததால், நூல் எடுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே அது கிடைத்துவிட்டது!

வாங்கின பெண்களும் யாரிடமும் விசாரிக்கவில்லை. இந்த விஷயத்தைப் போய் யாரிடம் விசாரிப்பது?

இப்போது தாவூது வந்தார். மைசூரில் புழு வளர்ப்புப் பயிற்சி எடுத்தவர். கொட்டகையை மருந்து போட்டுக் கழுவினார், வெப்பமானி மாட்டினார், சந்தேகப்பட்ட புழுவைப் பொறுக்கி எரித்தார். பிறகுதான் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "புழு சாகறது கிருமியாலம்மா. பொம்பளைங்க தூரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது மூடநம்பிக்கை. இனிமே யாரும் ஒதுங்க வேணாம். எல்லா நாளும் வரலாம். அந்த லீவும் வேணாம்."

எல்லாரும் கடைசி வாக்கியத்தைக் கேட்டு முணுமுணுத்தார்கள். தீர்த்தம்மாளின் காதில் முதல் வாக்கியம்தான் விழுந்தது. கிருமியால். கிருமியால்! அப்படியானால் நான் கொல்லவில்லை. பதினைந்து வருஷமாய் நெஞ்சில் அழுத்திய அம்மிக்கல்லை ஒருத்தர் ஒரு விரலால் தள்ளிவிட்டதுபோல் இருந்தது. கூடு மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். தாவூது இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடும் போட்டாள்.

அந்தக் கும்பிடு காய்வதற்குள் செல்லி விழுந்துவிட்டாள்.

விழாமல் என்ன செய்வாள்? கொதிநீர் ஆவியில், உட்கார இடமில்லாமல், நூல் அறுந்தால் ஓடி முடிச்சுப் போட்டபடி நாள் முழுக்க நிற்க வேண்டும். தீர்த்தம்மாளுக்கே அந்த நாட்களில் இடுப்புக்குக் கீழே யாரோ கயிறு போட்டு முறுக்குவதுபோல் இருக்கும். தர்மபுரி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாளும் அடுத்த நாளும் அவளால் தலை தூக்க முடியாது. அந்த இரண்டு நாளும் போய்விட்டால், இன்னும் எத்தனை மாதம் இந்த வேலையில் நிற்க முடியும்? இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் எது?

"சேலத்துல லேபர் ஆபீஸ் இருக்குதாம். போயி கேட்டுடலாம் வா" என்றாள் ஹசீனாவிடம்.

ஹசீனா தொட்டி வரிசையில் மூத்தவள். தையல் கடைக்காரர் பெண்டாட்டி. வாய்த் துடுக்குக்குப் பேர்போனவள். ஆனால் சேலம் போகிற ரயிலில் அவள் வாயும் வற்றிவிட்டது. "ஆபீசர் ஆம்பளையா இருந்தா என்னான்னு சொல்றது அக்கா?"

"உடம்பு சரியில்லன்னு."

"ஜுரமான்னு கேப்பாரு."

"இல்லீங்கன்னு சொல்லுவோம்."

"வயித்துப்போக்கான்னு கேப்பாரு."

"அடி போடி, நீ ஒண்ணு!" இருவரும் சிரித்தார்கள். எதிர் இருக்கையில் இருந்த வேட்டிக்காரர் முறைத்தார். சிரிப்பு அடங்கியதும் பயம் மறுபடி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஆபீசர் ஆம்பளையாகத்தான் இருந்தார். பெயர் ராஜாமணி, ஓய்வுபெறப் போகிற வயது. தீர்த்தம்மாள் சுற்றிச் சுற்றிப் பேசினாள். அவர் ஜுரமா என்று கேட்கவே கேட்டார். ஹசீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கடைசியில் தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "வூட்டுக்குத் தூரம்ங்க" என்றாள். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எனக்கும் மூணு பொண்ணுங்கம்மா. கூச்சப்படாம சொல்லுங்க."

சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நெஜத்தைச் சொல்லிடறேன். அந்த லீவை முதலாளி குடுத்தே ஆகணும்னு நம்ம நாட்டுல தொழிற்சாலைச் சட்டத்துல எங்கேயும் இல்ல. பிரசவத்துக்கு இருக்குது. கர்ப்பம் கலைஞ்சா இருக்குது. வருஷம் பூரா வேலை செஞ்சா சம்பளத்தோட லீவு சேரும், அது எல்லாருக்கும் பொது. பொம்பளைங்களுக்குத் தனியா கக்கூஸ், கழுவறதுக்குத் தண்ணி கட்டாயம். இதுக்கு மட்டும் இல்ல. ஜப்பான்ல சட்டம் இருக்குதுன்னு படிச்சிருக்கேன். அங்கேயும் லீவு கேட்டா தரணும், சம்பளம் தரணும்னு கட்டாயம் இல்ல."

"அப்போ… எங்க பாஷா?"

"அவரு இஷ்டப்பட்டுக் குடுத்தாரு."

இஷ்டம்! அந்த ஒரு சொல்லில் தீர்த்தம்மாளுக்குத் தரையே நழுவியது. இத்தனை காலம் பாறை என்று நின்ற இடம் ஒரு மனுஷனின் உள்ளங்கையா? அவர் கையை எடுத்ததும் விழுந்துவிட்டோமா?

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாதுங்களா சார்?" என்றாள் ஹசீனா.

"பொறும்மா. குடுக்காம இருந்தா கேக்க வழியில்ல. ஆனா வருஷக்கணக்கா குடுத்துட்டு வந்தது வழக்கமா ஆயிடுது. அதை நிறுத்தணும்னா முன்கூட்டியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், மூணு வாரம் காத்திருக்கணும். திடுதிப்புனு நிறுத்தக் கூடாது. அவரு நிறுத்தினதைவிட, சொல்லாம நிறுத்தினதுதான் சட்டப்படி தப்பு."

"நோட்டீஸ் குடுத்துட்டா?"

"அப்புறம் நீங்க எல்லாரும் சேர்ந்து ஆட்சேபம் சொல்லலாம். நான் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவேன். பேச்சு நடக்கற வரைக்கும் பழைய வழக்கத்தைத் தொடக்கூடாது. ஆனா ஒண்ணு. ஒத்துக்கோன்னு அவரு கையைப் புடிச்சு எழுத வைக்க என்னால முடியாது. ஒத்துக்கிட்டு என் முன்னால கையெழுத்து போட்டுட்டா, அதுக்கப்புறம் அது இஷ்டம் இல்ல, கட்டாயம். முதலாளி மாறினாலும் நிக்கும்."

பெண்கள் எல்லாரும் மனுவில் கைநாட்டு வைத்தார்கள். "உங்க வாய் எங்க வாய் அக்கா" என்று தீர்த்தம்மாளையே பேச அனுப்பினார்கள். ஒருகாலத்தில் அவளைக் கண்டு பானையை மூடியவர்களும் அதில் இருந்தார்கள்.

பேச்சுவார்த்தைக்குத் தாவூது வந்தார். சொல்லாமல் நிறுத்தியது தப்பு என்று உடனே ஒத்துக்கொண்டார், அவர் அப்படிப்பட்டவர்தான். அன்றே பழைய லீவைத் திரும்பக் கொடுத்து, முறையாக நோட்டீஸும் நீட்டினார். பிறகு தீர்த்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு இந்த லீவு எதுக்கு வந்துச்சுன்னு கேளுங்க சார். புழு செத்துடும்ங்கற பயத்துல வந்துச்சு. அந்தப் பயம் பொய்னு ஆயிடுச்சு. காரணம் போனப்புறம் லீவு மட்டும் எதுக்கு? அதையும் மீறி லீவு வேணும்னா, நாங்க கொட்டகைக்கு வந்தா புழு செத்துடும், அதுதான் எங்க நம்பிக்கைன்னு இந்தம்மா தன் வாயால சொல்லட்டும். ஜனங்க நம்பிக்கையில நான் தலையிட மாட்டேன். நமக்குக் கூடு விக்கற குடியானவங்களும் தூரமானவங்க தொடக்கூடாதுன்னுதான் கேக்கறாங்க. நான் நோட்டீஸை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

ஹசீனா அவள் முழங்கையை இடித்தாள். "சொல்லிடுக்கா!" என்று மூச்சு விடாமல் கிசுகிசுத்தாள். "ஒரு வார்த்தை! அல்லா மன்னிப்பான்!"

ஒரு வார்த்தைதான். செத்துடும் சார். அவ்வளவு சொன்னால் போதும். செல்லிக்கு லீவு, ஹசீனாவுக்கு லீவு, கர்ப்பப்பையில் கட்டியோடு நிற்கிற தனக்கும் இரண்டு நாள் படுக்கை. ஆனால் அந்த வார்த்தை வெளியே வர வேண்டிய வழியில், குழி நிறையச் செத்துக் கிடந்த புழுக்கள் வெள்ளை வெளேரென்று அடைத்துக்கொண்டு நின்றன. செத்துடும் என்றால், கொன்றவள் யார்? இன்றைக்கு லீவுக்காகச் சொல்வதை நாளைக்கு அடுத்த கொட்டகையில் புழு செத்தால் எந்தப் பெண்ணின் தலையில் கட்டுவார்கள்? செல்லியின் தலையிலா?

தீர்த்தம்மாளின் கண்ணீர் மூக்கோரமாய் இறங்கி மூக்குத்தியில் நின்றது.

"சாவாதுங்க" என்றாள். "நாங்க தொட்டா புழு சாவாது. நீங்கதான் அதை எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும். புழுவுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. எங்களுக்குத்தான் ஆவுது. வலிக்குது. கண்ணு இருட்டுது. புழுவுக்காக இத்தனை நாளு லீவு குடுத்தீங்களே, எங்களுக்காகக் குடுக்க மாட்டீங்களா?"

தாவூது மனுவிலிருந்த கைநாட்டுகளையே பார்த்தார். ராஜாமணி நாட்குறிப்பைப் புரட்டிவிட்டு, "யோசிச்சுட்டு அடுத்த தேதிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது ஹசீனா முகம் கொடுத்துப் பேசவில்லை. பொம்மிடியில் இறங்கியபிறகுதான், "நீ அரிச்சந்திரன் பொண்டாட்டி. நாங்க சுடுகாடு காக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அடுத்த தேதிக்கு முந்தின சாயங்காலம். தீர்த்தம்மாளுக்கு அன்று முதல் நாள். நோட்டீஸ் நிலுவையில் இருந்ததால் லீவு இருந்தது. அரிசி மூட்டைச் சாக்கை விரித்து, முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். கதவு தட்டப்பட்டது. வாசலில் கறுப்புப் புர்கா.

"பேகமம்மா! நீங்களாங்க?" பதறி எழுந்தாள். அஸ்கரி பேகம் புருஷன் போனபின் வீட்டைவிட்டு வருவதே அபூர்வம். இன்று தனியாக, நடந்தே வந்திருந்தாள்.

"படு, படு. நீ எந்திரிச்சா நான் போயிடுவேன்" என்று சொல்லி, அந்த அம்மாள் முகத்திரையை நீக்கிக்கொண்டு வெறுந்தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஐயோ, கிட்ட உக்காராதீங்க, நான்…"

"ஏன், நான் பொம்பளை இல்லையா? எனக்கு அது நின்னு மூணு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னால உன்னைப்போலத்தான் சுருண்டு கிடந்தேன். ஆனா எனக்குக் கட்டில் இருந்துச்சு." புர்காவின் ஓரத்தை மடியில் ஒதுக்கிக்கொண்டாள். "தம்பி எல்லாம் சொன்னான். அந்தம்மா பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருக்கும் அக்கா, சொல்லலன்னான். ராத்திரி சாப்பாட்டுல அவனுக்குக் கை போவல."

தீர்த்தம்மாள் சாக்கின் ஓரத்தை அவள் பக்கம் இழுத்து விட்டாள்.

"கம்பெனி என் பேர்ல இருக்குது. கையெழுத்து என்னுது. அதனால நானே வந்தேன். ரெண்டு வழி சொல்றேன், கேளு. ஒண்ணு, அவரு குடுத்தாப்பலயே ரெண்டு நாள். சம்பளத்தோட. என் வாய்ச்சொல். நான் இருக்கற வரைக்கும் எவனும் தொடமாட்டான். ஆனா எழுத்து கிடையாது. நாளைக்கு மனுவைத் திரும்ப வாங்கிக்கணும்."

"இன்னொண்ணுங்க?"

"ஆபீசர் முன்னாடி எழுத்து. ஆனா ஒரு நாளுக்குத்தான் சம்பளம். ரெண்டாம் நாள் வராம இருக்கலாம், ஆப்சென்ட் கிடையாது, சம்பளமும் கிடையாது. அதுக்கு மேல எழுதினா தம்பி சொல்றது பலிச்சிடும். இனிமே பொம்பளைங்களை எடுக்க வேணாம், ஆம்பளைங்களைத் தொட்டியில நிறுத்திடலாம்னு பக்கத்துக் கம்பெனியில பேசறாங்களாம். எனக்கு அந்தப் பயம் இருக்குது. மறைக்க மாட்டேன்."

அடுப்பில் ஒன்றுமில்லை. வெளியே சேலம் பாசஞ்சர் கூவிக்கொண்டு போனது. தீர்த்தம்மாளின் அடிவயிற்றில் ஒரு முறுக்கு எழுந்து, இடுப்பைச் சுற்றி, மெல்ல அடங்கியது. இரண்டு நாள் என்று உடம்பு கெஞ்சியது. இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தத் தாயின் வாய்ச்சொல் பத்திரத்தைவிடப் பெரியது. அதில் சந்தேகமே இல்லை. பாஷாவின் சொல்லும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாஷா மண்ணுக்குள் போனார், சொல்லும் கூடவே போயிற்று. இந்த அம்மாளுக்குப் பிறகு? நன்றி சொல்லிக்கொண்டே, அவர்கள் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டே, ஒவ்வொரு மாதமும் கையேந்துவதா? செல்லிக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறதே!

"நீங்க நூறு வருஷம் இருக்கணும் பேகமம்மா" என்றாள். "உங்க வாய்ச்சொல்லை நான் குறைச்சுப் பேசல. ஆனா எழுத்தே குடுத்துடுங்க. ஒரு நாளே போதும்."

"உனக்கு ஒரு நாள் பத்துமா?"

"பத்தாதுங்க."

அஸ்கரி பேகத்தின் கண்கள் நிறைந்தன. "பைத்தியக்காரி" என்றாள். அதில் கோபமில்லை. "அப்புறம் ரெண்டாம் நாளு என்ன பண்ணுவே?"

"சம்பளம் இல்லாம படுத்துக்குவேன். புழுவைக் கொன்னவன்னு யாரும் பேசமாட்டாங்க இல்லீங்களா, அது போதும். முன்னெல்லாம் அதுவும் இருந்துச்சு." சற்றுத் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணுங்க. லீவு எதுக்குன்னு அதுல எழுதுவாங்க இல்ல? தீட்டுன்னு எழுத வேணாம்."

"வேற என்னான்னு எழுதறது?"

"உடம்புன்னு எழுதுங்க. பொம்பளை உடம்புக்கு ஓய்வுன்னு."

அந்த அம்மாள் அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். எழும்போது மூட்டு வலித்ததோ என்னவோ, தீர்த்தம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றபின்னும் கையை உடனே எடுக்கவில்லை.

"அவரு இருந்திருந்தா இந்தப் பேச்சைக் கேட்டுக் கூரையைப் பார்த்துக்கினு ஓடியிருப்பாரு" என்றாள். இருவரும் கண்ணீரோடு சிரித்தார்கள். "அப்படியே எழுதிடலாம். நாளைக்கு நீ வர வேணாம். முடியலன்னு தெரியுது. ஹசீனாவை அனுப்பு."

"நான்தான் வரணுங்க. என் கைநாட்டு வேணும்."

"ரயில்ல உக்காந்து வர முடியுமா உன்னால?"

"நின்னுக்கினே வருவேங்க."

அஸ்கரி பேகம் முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் கார் சொல்றேன். காலையில வாசல்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இருட்டத் தொடங்கிய தெருவில் அந்தக் கறுப்பு உருவம் முசுக்கொட்டை வேலியோடு கலந்து மறையும்வரை தீர்த்தம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.